திருத்தத்துக்குத் திருத்தம்: இறுதியில் எந்த வாசகம் நிறைவேறியது என்பதைக் கூட்டக்குறிப்பில் எப்படி எழுதுவது?

புதுச்செயலர்

சங்கச் செயலாளர் பொறுப்பு எனக்குப் புதிது. சென்ற பொதுக்குழுவில் ஒரே தீர்மானத்தின் மீது திருத்தம் மேல் திருத்தமாக வந்தது. குறிப்பை எழுத உட்கார்ந்தால் கடைசி வரி எழுதவே வரவில்லை. நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

தீர்மானம் இது: "சங்க நூலகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை உறுப்பினர்களுக்குத் திறந்து வைப்பது."

ஓர் உறுப்பினர் எழுந்து, குடும்பத்தாரையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். வழிமொழிந்தார்கள். இன்னொருவர், "குடும்பத்தார் என்றால் யார் யாரோ வருவார்கள். 18 வயது நிறையாத பிள்ளைகள் என்று மாற்றுங்கள்" என்றார். அதை வாக்குக்கு விட்டதில் 17 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு. உடனே மூன்றாமவர், "இந்தத் திருத்தத்துக்கு என்னிடமும் ஒரு திருத்தம் இருக்கிறது, 9 மணியை 10 மணி ஆக்குங்கள்" என்றார். தலைவர் அதையும் எடுத்துக்கொண்டார். 15 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. பிறகு "திருத்தம்" என்று மட்டும் சொல்லி ஒரு வாக்கெடுப்பு. 19 ஆதரவு, 10 எதிர்ப்பு. கடைசியாக, "திருத்தங்களோடு கூடிய தீர்மானம்" என்றார் தலைவர். நிறையக் கைகள் உயர்ந்தன. எண்ணவில்லை, நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார். முழு வாசகத்தை எந்தக் கட்டத்திலும் யாரும் படிக்கவில்லை.

இப்போது செயற்குழுவில் ஒருவர் 9 மணி என்கிறார், மற்றவர் 10 மணி என்கிறார். பழைய ஏடுகளைப் புரட்டினேன். "திருத்தத்துக்குத் திருத்தம் ஏற்கப்பட்டது. திருத்தம் ஏற்கப்பட்டது. தீர்மானம் நிறைவேறியது" என்று இருக்கிறதே தவிர, என்ன வாசகம் என்று எங்கும் இல்லை. இதை எப்படி எழுதினால், அந்தக் கூட்டத்துக்கு வராதவருக்கும் புரியும்?

வாசல்படி

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்து உறுதி செய்வார்கள் அல்லவா, அப்போது திருத்திக்கொள்ளலாம். தவறான சொல்லை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் தலைவரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். வெள்ளை மை பூசிவிடாதீர்கள், தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டாதீர்கள். தணிக்கையின்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

புதுச்செயலர்

நன்றி ஐயா. ஆனால் நீங்கள் சொல்வது குறிப்பில் உள்ள பிழையைத் திருத்துவது. என் கேள்வி தீர்மானத்தின் மீது கூட்டத்தில் வந்த திருத்தங்களைப் பற்றியது. முதல் குறிப்பையே நான் இன்னும் எழுதவில்லை.

ஒருவரிபோதும்

நீங்களே சிக்கலை வளர்த்துக்கொள்கிறீர்கள். கூட்டக்குறிப்பு என்பது சங்கம் என்ன செய்தது என்பதற்கான பதிவு. யார் என்ன பேசினார்கள், எத்தனை முறை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டியதில்லை. இறுதி வாசகத்தை எழுதி "நிறைவேறியது" என்று போடுங்கள். ஒரு வரி போதும். திருத்தங்களை எழுதப்போனால்தான் குழப்பம் வரும்.

ஏடுகாத்தவள்

ஒருவரிபோதும் சொல்வதில் பாதி சரி. பலரும் பின்பற்றும் விதித்தொகுப்பு, அமெரிக்க ராணுவப் பொறியாளரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்டது. அந்த மரபும் இதையே சொல்கிறது: தீர்மானம் எந்த வாசகத்தில் நிறைவேறியதோ அல்லது தோற்றதோ, அந்த வாசகம் குறிப்பில் இருக்க வேண்டும், இடையில் திருத்தப்பட்டது என்பதைப் போகிறபோக்கில் சொன்னால் போதும். ஆனால் தெளிவுக்குத் தேவைப்பட்டால் திருத்தங்களையும் பதியலாம் என்று அதே மரபு இடம் கொடுக்கிறது. இறுதி வாசகம் எது என்பதிலேயே இருவர் சண்டை போடுகிறார்கள் என்றால், அந்தத் தேவை வந்துவிட்டது. வெறும் ஒரு வரி எழுதினால், "இந்த வரியை நீயாக எழுதினாய்" என்று 9 மணிக்காரர் சொல்வார். அவருக்குக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். மரத்தில் கிளை நுனியிலிருந்து அடிமரத்துக்கு இறங்குவதுபோல வாக்கெடுப்பு இறங்க வேண்டும். முதலில் திருத்தத்துக்கு வந்த திருத்தம், இதை இனித் துணைத் திருத்தம் என்றே எழுதுகிறேன். அடுத்து, அந்த முடிவுக்குப் பிறகு எப்படி நிற்கிறதோ அந்த நிலையில் திருத்தம். கடைசியில், திருத்தத்தின் முடிவுக்குப் பிறகு எப்படி நிற்கிறதோ அந்த நிலையில் தீர்மானம். ஒவ்வொன்றும் தனி வாக்கு. துணைத் திருத்தம் ஜெயித்தது என்றால் திருத்தம் ஜெயித்துவிட்டது என்று பொருள் இல்லை. திருத்தம் ஜெயித்தது என்றால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றும் பொருள் இல்லை. உங்கள் தலைவர் இந்த வரிசையைச் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார். வாசகத்தைப் படிக்காததுதான் குறை.

ஆனால் நடுவில் ஒன்று இடறியிருக்கிறது. 18 வயது என்பது உண்மையான துணைத் திருத்தம், ஏனென்றால் அது திருத்தத்தில் இருக்கும் "குடும்பத்தார்" என்ற சொல்லைத்தான் தொடுகிறது. 10 மணி அப்படியில்லை. நேரம் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. அது தீர்மானத்தில் இருக்கிறது. எனவே அது தீர்மானத்துக்கான இரண்டாவது திருத்தம். முதல் திருத்தம் முடியும்வரை அது காத்திருந்திருக்க வேண்டும். கூட்டத்திலேயே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: புதிதாக வருபவர் மாற்றச் சொல்லும் சொற்கள் முதல் திருத்தத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் அது துணைத் திருத்தம் இல்லை, அவர் என்ன பெயர் வைத்து அழைத்தாலும் சரி.

புதுச்செயலர்

அப்படியென்றால் 10 மணி செல்லாதா? குறிப்பில் அதை விட்டுவிடலாமா?

ஏடுகாத்தவள்

கூடவே கூடாது. தலைவர் ஏற்றார், கூட்டம் வாக்களித்தது, யாரும் அந்த இடத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பவில்லை. இத்தகைய நடைமுறைத் தவறுக்கு அது நடக்கும்போதே ஆட்சேபிக்க வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செல்லாததாக்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

உங்கள் கூட்டத்தில் இந்தத் தவறு இறுதி முடிவை மாற்றவில்லை. முதல் திருத்தத்தோடு 10 மணியையும் ஒட்டிவிட்டார்கள்; அந்தத் திருத்தம் 19க்கு 10 என்று ஜெயித்ததால், ஒட்டியது எல்லாம் தீர்மானத்துக்குள் போய்விட்டது. முதல் திருத்தம் தோற்றிருந்தால்தான் வம்பு. குடும்பத்தாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதோடு ஒட்டிய காரணத்தினாலேயே 10 மணியையும் சபை தள்ளிவிட்டிருக்கும். 15 பேர் கேட்ட நேர மாற்றத்தைப் பற்றித் தனியாக ஒரு முடிவே இருந்திருக்காது.

மேசைத்தலைவர்

நான் பல கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். இவ்வளவு வாக்கெடுப்பே தேவையில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவரிடம் "இந்த மாற்றத்தை ஏற்கிறீர்களா" என்று கேட்பேன். அவர் சரி என்றால் வாசகம் மாறியது, அவ்வளவுதான். பிறகு ஒரே வாக்கெடுப்பு. குறிப்பிலும் ஒரே தீர்மானம்தான் இருக்கும். உங்கள் தலைவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஏடுகாத்தவள்

மன்னிக்க வேண்டும் ஐயா, அது தலைவர் தீர்மானத்தைச் சபைக்கு முன் வைப்பதற்கு முன்புதான். தலைவர் வாசகத்தைப் படித்து விவாதத்துக்கு விட்ட பிறகு தீர்மானம் சபையின் கையில் இருக்கிறது. முன்மொழிந்தவர் தனியாக அதை மாற்றவோ திரும்பப் பெறவோ முடியாது. அவர் ஒப்புக்கொள்கிறார் என்றால், "யாருக்கும் ஆட்சேபணை உண்டா" என்று தலைவர் சபையைக் கேட்க வேண்டும். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் வாக்கெடுப்பு இல்லாமலே திருத்தம் ஏற்கப்பட்டது. ஒருவர் ஆட்சேபித்தாலும் வாக்குக்குப் போக வேண்டும். குறிப்பில் "முன்மொழிந்தவர் ஏற்றுக்கொண்டார்" என்று எழுதினால், சபை ஏற்றதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். "ஆட்சேபணை இன்றி ஏற்கப்பட்டது" என்று எழுதுங்கள்.

மேசைத்தலைவர்

சிறிய குழுக்களில் இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் செயற்குழுவில் நான் ஆட்சேபணை கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள். என் முறை தவறு என்று ஒப்ப மாட்டேன்.

ஏடுகாத்தவள்

எட்டுப் பேர் என்றால், எல்லோரும் தலையசைப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதுவே சம்மதம். பொதுக்குழுவில் பின்வரிசை உங்களுக்குத் தெரியாது. மேலும், உங்கள் சங்க விதியிலேயே முன்மொழிந்தவர் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் அதுதான் செல்லும். சில அமைப்புகளின் விதிகள் துணைத் திருத்தத்தையே அனுமதிப்பதில்லை, ஒரு நேரத்தில் ஒரே திருத்தம்தான். புதுச்செயலர் முதலில் தம் சங்க விதியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பின்வாசல்

இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வேறு மாதிரியான கதை.

தீர்மானம்: "வளாகத்தின் பின்வாசலை இரவு 10 மணிக்குப் பூட்டுவது." ஒருவர் "வெள்ளி, சனி தவிர" என்று சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் "வெள்ளி, சனி" என்பதை "சனி" என்று குறைத்தார். அந்தக் குறைப்பு ஜெயித்தது. ஆனால் அடுத்த வாக்கில் "சனி தவிர" என்ற திருத்தமே தோற்றுவிட்டது. பிறகு மூலத் தீர்மானம் அப்படியே நிறைவேறியது. எல்லா நாளும் பூட்ட வேண்டும், விதிவிலக்கு இல்லை.

குறிப்பில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "வெள்ளி, சனி என்பதைச் சனி என்று மாற்றும் திருத்தம் ஏற்கப்பட்டது. மற்றொரு திருத்தம் தோல்வியுற்றது. தீர்மானம் நிறைவேறியது." அடுத்து வந்த செயலாளர் அந்தக் கூட்டத்துக்கு வராதவர். அவர் இதைப் படித்துவிட்டு, சனிக்கிழமை பின்வாசல் திறந்திருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். படித்தவர் மேல் குற்றம் இல்லை, எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

எனக்குப் புரியாதது, ஒரே கூட்டம் "சனி" என்று மாற்றவும் சம்மதித்து, அடுத்த நிமிடம் அதையே எப்படித் தள்ளியது?

ஏடுகாத்தவள்

அது மிகவும் இயல்பு. விதிவிலக்கே கூடாது என்று நினைப்பவர் இரண்டு நாளைவிட ஒரு நாள் தேவலை என்று முதல் வாக்கில் கை தூக்குவார். அடுத்த வாக்கில் அந்த ஒரு நாளும் வேண்டாம் என்று எதிர்ப்பார். இரண்டு நாளும் வேண்டும் என்று கேட்டவர்களில் சிலர், ஒரு நாள் மட்டும் கொடுப்பதில் சலித்து, திருத்தத்தையே எதிர்ப்பார்கள். இரு பக்கமும் சேர்ந்து திருத்தம் வீழ்ந்துவிடும். முரண்பாடு எதுவும் இல்லை.

துணைத் திருத்தங்களைக் குறிப்பில் எழுதும்போது அதிகம் ஏமாறும் இடம் இதுதான். துணைத் திருத்தம் ஜெயித்தது என்பது "திருத்தத்தின் வாசகம் மாறியது" என்று மட்டும்தான் பொருள். அந்தத் திருத்தம் தோற்றால், துணைத் திருத்தமும் அதோடு போய்விடும். குறிப்பில் "ஏற்கப்பட்டது" என்ற சொல் தனியாக நின்றால் அது தீர்மானத்தில் ஏறிவிட்டது போலத் தோன்றும். ஆகவே, திருத்தம் தோற்றதும் அடுத்த வரியிலேயே "ஆகவே தீர்மானத்தின் வாசகத்தில் மாற்றம் இல்லை" என்று எழுத வேண்டும். உங்கள் குறிப்பில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பின்வாசல் பூட்டியே இருந்திருக்கும். "மற்றொரு திருத்தம்" என்று எழுதியதும் தவறு. எது எதன் மேல் வந்தது என்று சொல்லாத குறிப்பு அது. திருத்தத்துக்கு 1 என்று எண் கொடுங்கள், அதன் மேல் வந்த துணைத் திருத்தத்துக்கு 1அ. அதன் முடிவுக்குப் பிறகு வேறொன்று வந்தால் 1ஆ. தீர்மானத்துக்கே வரும் அடுத்த திருத்தம் 2. எண்ணைப் பார்த்தாலே எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

சொல்லொட்டி

ஒரு சின்னச் சிக்கலைச் சேர்க்கிறேன். தமிழில் எழுதும்போது எங்களைத் தொடர்ந்து படுத்துவது இதுதான். நூலகத் தீர்மானத்தையே எடுங்கள். "உறுப்பினர்களுக்கு என்ற சொல்லுக்குப் பின் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் என்று சேர்ப்பது" எனத் திருத்தம் எழுதிக்கொண்டோம் என்று வையுங்கள். சொல்லைச் சொன்ன இடத்தில் செருகினால் "உறுப்பினர்களுக்கு அவர்களுடைய குடும்பத்தாருக்கும்" என்று வருகிறது, வாக்கியம் நொண்டுகிறது. முன்னால் இருக்கும் சொல்லும் "உறுப்பினர்களுக்கும்" என்று மாற வேண்டும். அந்த "உம்" வாக்கெடுப்பில் இல்லை. செயலாளர் தாமாகச் சேர்த்தால் வாசகத்தை மாற்றினார் என்று பேச்சு வரும். சேர்க்காவிட்டால் வாசகமே சரியில்லை.

அதனால் நான் ஒற்றைச் சொல்லைச் செருகும் திருத்தங்களை எழுதுவதே இல்லை. விகுதி மாறும் இடம்வரை முழுத் தொடரையும் எடுத்து, "உறுப்பினர்களுக்கு" என்பதை நீக்கி, "உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்" என்று இடுவது என எழுதிவிடுவேன். துணைத் திருத்தமும் அப்படியே: "அவர்களுடைய குடும்பத்தாருக்கும்" என்பதை நீக்கி, "அவர்களுடைய 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கும்" என்று இடுவது. முன்மொழிபவர் எழுந்து நின்று பேசும்போது இந்த வடிவத்தில் சொல்ல மாட்டார். நான் எழுதி, வாக்கெடுப்புக்கு முன் அவரிடம் படித்துக் காட்டி, "இதுதானே" என்று கேட்டுக்கொள்வேன்.

"மூன்றாவது வரியில் நான்காவது சொல்" என்று எழுதுவதையும் தவிருங்கள். தாளில் மூன்றாவது வரியாக இருந்தது ஏட்டில் ஐந்தாவதாக விழும்.

ஒருவரிபோதும்

நூலகத் தீர்மானத்தில் விகுதி மாறியது ஒரு பெரிய விஷயமா? யாராவது வழக்குப் போடுவார்களா?

சொல்லொட்டி

"உம்" விஷயத்தில் போட மாட்டார்கள். "மட்டும்" என்ற சொல் எங்கே விழுகிறது என்பதில் சண்டை வரும். "ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர்களுக்கு மட்டும்" என்பதும் "ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உறுப்பினர்களுக்கு" என்பதும் ஒன்றா? முதலாவது மற்றவர்களைத் தடுக்கிறது. இரண்டாவது மற்ற நாட்களைத் தடுக்கிறது. "மட்டும் என்று சேர்ப்பது" எனத் திருத்தத்தைக் குறித்துக்கொண்டால், இடத்தை நிர்ணயிப்பவர் செயலாளர்தான். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை.

புதுச்செயலர்

இப்போது தெளிவாகிறது. ஏடுகாத்தவள் அம்மா, எங்கள் கூட்டத்தை நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்? 10 மணியை என்ன எண்ணில் போடுவது? அது உண்மையில் 2, ஆனால் தலைவர் துணைத் திருத்தமாகத்தானே எடுத்தார்.

ஏடுகாத்தவள்

தலைவர் எப்படி எடுத்தாரோ அப்படித்தான் எண். அது திருத்தம் 1-இன் மீது வாக்குக்கு விடப்பட்டது, எனவே 1ஆ. சரியான எண் கொடுத்தால் வரலாற்றை அழகுபடுத்தியதாகும். நான் இப்படி எழுதுவேன்:

> தீர்மானம் 4. நூலகம் திறந்திருக்கும் நேரம்
>
> முன்மொழியப்பட்ட வாசகம்: "சங்க நூலகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை உறுப்பினர்களுக்குத் திறந்து வைப்பது."
>
> திருத்தம் 1: "உறுப்பினர்களுக்கு" என்பதை நீக்கி, "உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்" என்று இடுவது.
>
> துணைத் திருத்தம் 1அ: திருத்தம் 1-இல் "அவர்களுடைய குடும்பத்தாருக்கும்" என்பதை நீக்கி, "அவர்களுடைய 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கும்" என்று இடுவது. ஆதரவு 17, எதிர்ப்பு 12. ஏற்கப்பட்டது.
>
> துணைத் திருத்தம் 1ஆ: "காலை 9 மணி" என்பதை நீக்கி, "காலை 10 மணி" என்று இடுவது. திருத்தம் 1-இன் பகுதியாகத் தலைவரால் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 15, எதிர்ப்பு 14. ஏற்கப்பட்டது.
>
> 1அ, 1ஆ ஆகியவற்றால் மாற்றப்பட்டபடி திருத்தம் 1: ஆதரவு 19, எதிர்ப்பு 10. ஏற்கப்பட்டது.
>
> திருத்தப்பட்ட தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. கைதூக்கலில் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்.
>
> நிறைவேறிய வாசகம்: "சங்க நூலகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கும் திறந்து வைப்பது."

இதில் கவனிக்க வேண்டியது, முழு வாசகம் இரண்டே இடத்தில்தான் வருகிறது. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. நடுவில் எல்லாம் மாறிய சொற்கள் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் முழு வாசகத்தை எழுதிக்கொண்டே போனால், அவசரத்தில் படிப்பவர் நடுவில் இருப்பதை இறுதி என்று எடுத்துக்கொள்வார். அடித்தல் கோடும் வண்ண எழுத்தும் வேண்டாம். நகல் எடுத்தால் வண்ணம் போய்விடும், வேறொரு கோப்பில் ஒட்டினால் கோடு போய்விடும், நீக்கிய சொல்லும் இட்ட சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வாக்கியத்தில் சொல்லுங்கள், "நீக்கி, இடுவது" என்று.

விகுதி விஷயத்தில் சொல்லொட்டி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் கூட்டத்தில் திருத்தம் அப்படிச் சொல்லப்படவில்லை, "குடும்பத்தாரையும் சேர்க்க வேண்டும்" என்றுதான் சொன்னார்கள். எனவே இந்த வரைவைத் தலைவரிடமும் திருத்தம் கொடுத்த மூவரிடமும் காட்டி, அவர்கள் கேட்டது இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுச்செயலர்

செய்கிறேன். 9 மணிக்காரர் இதை ஏற்க மாட்டார் என்று இப்போதே தெரிகிறது. "கடைசி வாக்கில் 9 என்று நினைத்துத்தான் கை தூக்கினேன், இன்னும் நாலைந்து பேரும் அப்படித்தான்" என்கிறார். பொய் சொல்பவர் அல்ல.

ஏடுகாத்தவள்

அவர் நினைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறிப்பு நினைத்ததைப் பதிவதில்லை. 10 மணிக்கு வாக்கெடுப்பு நடந்தது, ஜெயித்தது, அதைச் சுமந்த திருத்தமும் ஜெயித்தது. இந்தச் சங்கிலி அறுபடவில்லை.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதி செய்யும்போது அவர் எழுந்து, "9 என்று மாற்றுங்கள்" என்று கேட்பார். அப்போது தலைவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறிப்பு நடந்ததைத் தவறாகச் சொல்கிறதா, அல்லது நடந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? முதலாவது என்றால் குறிப்பைத் திருத்தலாம், வாசல்படி ஐயா சொன்ன முறை அங்கேதான் பயன்படும். இரண்டாவது என்றால் குறிப்பை உறுதி செய்வதன் வழியாக முடிவை மாற்ற முடியாது. அவர் முன்பு நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்தப் புதிய தீர்மானம் கொண்டுவர வேண்டும். ராபர்ட் மரபில், முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால் அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவந்தால் அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். உங்கள் சங்க விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும். கூட்ட அறிவிப்பு அனுப்பும்போதே அந்தத் தீர்மானத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், இரு பக்கத்துக்கும் நல்லது.

மேசைத்தலைவர்

இதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கடைசி வாக்குக்கு முன் தலைவர் முழு வாசகத்தைப் படிக்கவில்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்த முடிவு எப்படி முடிவாகும்? நான் தலைவராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் இறுதி வாசகத்தைப் படித்து மறுபடியும் வாக்குக்கு விடுவேன்.

ஏடுகாத்தவள்

தலைவர் தாமாக மறுவாக்கு நடத்த முடியாது ஐயா. நிறைவேறியது என்று அவரே அறிவித்துவிட்டார், யாரும் அந்த இடத்தில் எதிர்க்கவில்லை. யாராவது முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தால் நடத்தலாம்.

மேசைத்தலைவர்

வாசகம் படிக்கப்படாத வாக்கெடுப்பு என்பது வெறும் நடைமுறைத் தவறா, அல்லது வாக்கெடுப்பே இல்லையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

பின்வாசல்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று படுகிறது. எங்கள் கூட்டத்தில் தலைவர் வாசகத்தைப் படித்தார், ஆனால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

சொல்லொட்டி

வரும்முன் காப்பதுதான் வழி. நான் மேசையில் ஒரு தாள் வைத்திருப்பேன், தீர்மானத்துக்கு ஒரு தாள். மேலே மூல வாசகம், வரிக்கு வரி நிறைய இடைவெளி விட்டு. திருத்தம் வந்தால் கீழே 1 என்று எழுதுவேன், துணைத் திருத்தம் வந்தால் சற்று உள்ளே தள்ளி 1அ. முடிவு வந்ததும் பக்கத்தில் எண்ணிக்கை. திருத்தம் ஜெயித்தால் மட்டுமே மேலே உள்ள வாசகத்தில் கை வைப்பேன்; துணைத் திருத்தம் ஜெயித்தாலும் மூல வாசகத்தைத் தொட மாட்டேன், திருத்தத்தின் வாசகத்தைத்தான் மாற்றுவேன். கடைசி வாக்குக்கு முன் அந்தத் தாளைத் தலைவரிடம் நீட்டி, "படித்துவிட்டு வாக்குக்கு விடுங்கள்" என்று சொல்வேன். அவர் படித்ததும் தாளின் ஓரத்தில் "படிக்கப்பட்டது" என்று குறித்துக்கொள்வேன். குறிப்பிலும் அந்தச் சொல்லை எழுதுவேன்.

துணைத் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் கொடுக்கச் சிலர் எழுவார்கள். தலைவர் ஏற்கக் கூடாது, இரண்டு படிக்கு மேல் இல்லை. நான் அப்போது எழுந்தவரிடம் தணிந்த குரலில், "இப்போது இருப்பது தோற்றால் உங்களுடையதை அந்த இடத்தில் கொடுக்கலாம், அதை இப்போதே சபையில் சொல்லிவையுங்கள்" என்பேன். அதைக் கேட்டால் அவருடைய மாற்றத்தை விரும்புபவர்கள் முன்னால் இருப்பதை எதிர்த்து வாக்களிப்பார்கள்.

ஒருவரிபோதும்

சரி, இறுதி வாசகம் தனியாக நிற்கிறது என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் தோற்ற துணைத் திருத்தங்களையும் எழுத வேண்டுமா? ஜெயித்தது மட்டும் போதாதா? முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் வேறு எழுதுகிறார்கள்.

ஏடுகாத்தவள்

தோற்றவை இறுதி வாசகத்தை மாற்றுவதில்லை, எனவே பல அமைப்புகள் எழுதுவதில்லை. நான் எழுதுவேன். 1அ தோற்று 1ஆ ஜெயித்திருந்தால், 1அ எங்கே என்று பிறகு கேட்பார்கள். வழிமொழிந்தவர் பெயரைப் பொறுத்தவரை, ராபர்ட் மரபில் அது தேவையில்லை, சபை கேட்டால் மட்டும் எழுதலாம். பல சங்கங்கள் இரண்டு பெயரையும் எழுதும் பழக்கம் வைத்திருக்கின்றன. உங்கள் ஏட்டில் இதுவரை எப்படி இருக்கிறதோ அப்படியே தொடருங்கள்.

ஒருவரிபோதும்

தோற்றதை எழுதுவது ஏட்டை நீட்டுவதுதான் என்பதே என் கருத்து.

புதுச்செயலர்

வரைவைத் தலைவரிடம் காட்டினேன். 1ஆ பற்றிய வரியில் "திருத்தம் 1-இன் பகுதியாகத் தலைவரால் வாக்குக்கு விடப்பட்டது" என்பதை எடுத்துவிடச் சொல்கிறார், தம்மைக் குறை சொல்வதுபோல இருக்கிறதாம்.

ஏடுகாத்தவள்

"தலைவரால்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அதில் ஒன்றும் குறையாது. "திருத்தம் 1-இன் பகுதியாக வாக்குக்கு விடப்பட்டது" என்பதை மட்டும் எடுக்காதீர்கள். 10 மணி எந்த வழியாகத் தீர்மானத்துக்குள் வந்தது என்பதைச் சொல்வது அந்தச் சொற்கள்தான்.